வீட்டு பட்ஜெட்டில் எழுதிய மிச்சம் உண்மையில் இருக்கிறதா? சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

வரவு எழுதியாச்சு, செலவு எழுதியாச்சு, கழித்துப் பார்த்தால் மாதம் 7,000 ரூபாய் மிச்சம் என்று நோட்டு சொல்கிறது. ஆனால் ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு நகை அடகுக்குப் போகிறது. மாதம் 7,000 நிஜமாகவே மிஞ்சினால் வருடத்துக்கு 84,000 சேர்ந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் நகை ஏன் அடகுக்குப் போக வேண்டும்?

தண்டையார்பேட்டையில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தின் கணக்கு இது. கணவர் மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அந்த அம்மா வீட்டிலேயே ரவிக்கை, சுடிதார் தைக்கிறார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். "எல்லாத்தையும் எழுதிட்டுதான் வர்றேன்க்கா, ஆனா கையில காசு நிக்க மாட்டேங்குது" என்று நோட்டை நீட்டினார். எங்கள் பக்கத்துக் குழுக்களில் கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் அடிக்கடி காதில் விழும் வார்த்தைதான் இது.

2025 ஆகஸ்டுக்கு அந்த அம்மா எழுதியிருந்தது இப்படி.

வரவு:
- சம்பளம் 30,000
- தையல் 8,000
- மகளிர் உரிமைத் தொகை 1,000
- மொத்தம் 39,000

செலவு:
- வாடகை 9,000
- மளிகை 6,500
- காய்கறி, மீன், பால் 6,000
- கேஸ் 900
- பள்ளி வேன், டியூஷன் 2,500
- பெட்ரோல் 2,000
- செல்போன், கேபிள் 900
- சீட்டு 2,000
- குழுக் கடன் தவணை 2,200
- மொத்தம் 32,000

இந்த நோட்டையே வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். புதிதாகச் செய்பவர்கள் எடுத்ததுமே செலவுப் பங்குகளைச் சதவீதத்தில் போட ஆரம்பிக்கிறார்கள். மொத்த வரவே தப்பாக இருந்தால் அதிலிருந்து வரும் எல்லாச் சதவீதமும் தப்பாகத்தான் இருக்கும். அதனால் முதலில் மிச்சம் உண்மையா என்று பார்க்க வேண்டும், அப்புறம் சேமிப்பு விகிதம், கடைசியில்தான் பங்குகள்.

## 1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

வீட்டில் உள்ள எல்லா வங்கிக் கணக்குக்கும் அந்த மாதத்து ஸ்டேட்மென்ட் வேண்டும். யுபிஐ ஆப்பில் தெரியும் பட்டியல் மட்டும் போதாது. ஏடிஎம்மில் எடுத்த பணம், வங்கி பிடித்த கட்டணம், தானாகப் போகும் தவணை இதெல்லாம் ஸ்டேட்மென்டில்தான் இருக்கும். உரிமைத் தொகை வரும் கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதில் போகவர இருக்கும் என்பதால் அதுவும் கட்டாயம்.

சம்பள ஸ்லிப், மளிகைக் கடைப் பாக்கி நோட்டு, சீட்டு அட்டை, குழுக் கடன் அட்டை, நகைக் கடன் ரசீது, கடைசியாக வந்த கரண்ட் பில் ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். தைப்பவர், இட்லிக் கடை வைத்திருப்பவர் என்றால் அவர்களுடைய ஆர்டர் நோட்டும் தேவை.

கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார வேண்டும். ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் மற்றவர் வாங்கிய கைமாற்று கணக்குக்கு வராமலே போகும்.

## 2. மாதத்துக்கு எல்லை போடுங்கள்

ஒன்றாம் தேதி முதல் முப்பத்தொன்று வரை என்று வைப்பதைவிட, சம்பளம் ஏறும் முன் காலையிலிருந்து அடுத்த சம்பளம் ஏறும் முன் காலை வரை என்று வைப்பது நல்லது. இந்த வீட்டில் சம்பளம் 7ஆம் தேதி. ஆகவே ஆகஸ்ட் 7 காலை முதல் செப்டம்பர் 7 காலை வரை எடுத்துக்கொண்டோம்.

காரணம் இதுதான். சம்பளத்துக்கு முந்தைய நேரத்தில் கையில் இருக்கும் பணம் ஏறக்குறைய எல்லாமே போன மாதத்தின் மீதி. சம்பளம் வந்த மறுநாள் பார்த்தால் இன்னும் கொடுக்காத வாடகையும் சீட்டும் அதற்குள் நின்று, மிச்சம் போலத் தோன்றும்.

எல்லை போட்டதும் இதைப் பாருங்கள்: அதற்குள் ஒரு சம்பளம், ஒரு வாடகை, ஒரு சீட்டு, ஒரு தவணைதானா? ஞாயிற்றுக்கிழமை குறுக்கிட்டதால் சம்பளம் முன்னதாகவே வந்து, ஒரு எல்லைக்குள் இரண்டு சம்பளம் விழுவதுண்டு. அப்படி இருந்தால் ஒரு நாள் முன்னே பின்னே தள்ளி வையுங்கள்.

## 3. இரண்டு கையிருப்புகளை எழுதுங்கள்

இதற்கு நோட்டைத் திறக்கவே வேண்டாம். எல்லையின் இரண்டு முனைகளிலும் வீட்டில் எவ்வளவு பணம் இருந்தது என்பதை மட்டும் எழுதுங்கள். வங்கி இருப்பு ஸ்டேட்மென்டில் கிடைக்கும். டப்பாவிலும் பர்ஸிலும் உள்ள ரொக்கத்தை இரண்டு நாளும் எண்ணி வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 7 காலை: கணவர் கணக்கில் 3,200, அந்த அம்மா கணக்கில் 1,800, ரொக்கம் 1,500. மொத்தம் 6,500.

செப்டம்பர் 7 காலை: கணவர் கணக்கில் 2,900, அந்த அம்மா கணக்கில் 2,600, ரொக்கம் 900. மொத்தம் 6,400.

நோட்டு சொல்லும் 7,000 உண்மையென்றால் செப்டம்பர் 7இல் 13,500 இருந்திருக்க வேண்டும். இருந்தது 6,400. மிஞ்சிய பணம் எங்கேயாவது இருந்தே ஆக வேண்டும், ரொக்கமாகவோ வங்கியிலோ. எங்குமே இல்லையென்றால் மிஞ்சவில்லை என்றுதான் அர்த்தம். பத்து நிமிடத்தில் முடியும் இந்த ஒரு படி, முப்பது நாள் செலவுச் சீட்டுகளைக் கூட்டுவதைவிட நம்பகமானது. எழுத மறந்த செலவும்கூட கையிருப்பைக் குறைத்துவிட்டுத்தான் போயிருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த அம்மா சீட்டுப் பணத்தைச் செலவுப் பக்கம் எழுதியிருந்தார். அதனால் 7,000 என்பது சீட்டுக் கட்டியது போக மிச்சம். சீட்டையோ ஆர்.டி.யையோ செலவில் எழுதாத வீடாக இருந்தால், அந்த மாதம் கட்டிய தொகையைக் கடைசிக் கையிருப்போடு கூட்டிக்கொள்ளுங்கள். அது வேறு பெட்டிக்குப் போன பணம், செலவான பணம் அல்ல.

## 4. புதிதாக ஏறிய கடனைக் கழியுங்கள்

கையிருப்பு 100 ரூபாய்தான் குறைந்திருக்கிறது, பரவாயில்லையே என்று இங்கே நின்றுவிடக் கூடாது. அந்த 6,400இல் கடன் வாங்கிய பணமும் கலந்திருக்கலாம்.

மூன்று இடங்களில் தேடுங்கள். கைமாற்று, கடைப் பாக்கி, தண்டல். தண்டல்காரரிடம் வாங்கியதைச் சொல்லச் சங்கடப்படுவார்கள். "தினமும் யாராவது வந்து வாங்கிட்டுப் போறாங்களா?" என்று கேட்டால் எளிதாகப் பதில் வரும்.

இந்த வீட்டில் தண்டல் இல்லை. தங்கையிடம் கைமாற்று 2,000 வாங்கியிருந்தார்கள். மளிகைக் கடைப் பாக்கி, ஆகஸ்ட் 7இல் எதுவும் இல்லாதது, செப்டம்பர் 7இல் 1,100 ஆகியிருந்தது. ஆக 3,100 புதுக் கடன்.

```
உண்மையான மிச்சம் = (கடைசிக் கையிருப்பு - தொடக்கக் கையிருப்பு) - புதிதாக ஏறிய கடன்
                 = (6,400 - 6,500) - 3,100
                 = -3,200
```

எழுதியது 7,000 மிச்சம், இருப்பது 3,200 பற்றாக்குறை. இடைவெளி 10,200.

நோட்டில் தவணையாக எழுதிய குழுக் கடனை இந்தப் படியில் சேர்க்க வேண்டாம். அதற்குக் கட்டிய பணம் ஏற்கெனவே செலவில் இருக்கிறது. இங்கே அதன் அசல் குறைந்ததையும் சேர்த்தால் ஒரே பணத்தை இரண்டு முறை பார்த்ததாகிவிடும். அதற்கான இடம் ஏழாவது படி.

## 5. இடைவெளி எங்கே போனது? முதலில் வரவைப் பாருங்கள்

10,200 என்றதும் எல்லோரும் செலவில் தேட ஓடுகிறார்கள். வீட்டில் வாய்ச்சண்டை கிளம்புவதும் அப்போதுதான். வரவை முதலில் பாருங்கள். அதில் நான்கைந்து வரிதான் இருக்கும், சீக்கிரம் முடியும்.

சம்பளம் 30,000 என்று எழுதியிருந்தார்கள். வங்கியில் ஏறியது 27,500. ஸ்லிப்பைப் பார்த்தால் பி.எஃப். 1,800, கேன்டீனுக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் 700 பிடித்திருந்தது. வேலைக்குச் சேரும்போது சொன்ன தொகையே மனதில் தங்கி, அதுவே நோட்டிலும் ஏறிவிடுகிறது. எப்போதும் வங்கியில் ஏறிய தொகையை எழுதுங்கள். ஓ.டி. இருக்கும் மாதத்தையே சம்பளமாக எழுதும் பழக்கமும் உண்டு, அதையும் கேட்டுப் பாருங்கள்.

தையல் 8,000 என்பது ஆர்டர் நோட்டிலிருந்து வந்தது. தைத்துக் கொடுத்தது 8,000க்கு, கைக்கு வந்தது 6,500. மீதி 1,500 "அடுத்த வாரம் தர்றேன்" என்று வாங்கிப் போனவர்களிடம் நிற்கிறது. அது வர வேண்டிய பணம்தான், ஆனால் வரும்வரை அதை வைத்துப் பால் வாங்க முடியாது. வந்த மாதத்தில்தான் அதை எழுத வேண்டும்.

ஆக வரவில் கூடுதலாக எழுதியது 2,500 + 1,500 = 4,000. உண்மையில் வந்தது 35,000.

இந்த வீட்டில் இல்லாத ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். கணவர் மனைவி கணக்குக்கு அனுப்பும் பணத்தை மனைவி தன் வரவாக எழுதுவார். சம்பளம் முழுவதும் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. ஸ்டேட்மென்டில் உள்ள ஒவ்வொரு வரவுக்கும், அனுப்பியவர் பெயர் வீட்டு ஆளுடையதா என்று பாருங்கள். வீட்டு ஆள் என்றால் அடித்துவிடுங்கள்.

## 6. எழுதாமல் விட்ட செலவைத் தேடுங்கள்

தேடும் முன் எவ்வளவு தேட வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

வந்தது 35,000, கைமாற்று 2,000, கையிருப்பில் குறைந்தது 100. மூன்றும் சேர்ந்து 37,100 வெளியே போயிருக்கிறது. நோட்டில் இருப்பது 32,000. ஆகவே தேட வேண்டியது 5,100.

ஸ்டேட்மென்டை வரி வரியாகப் பார்த்து, நோட்டில் உள்ளவற்றுக்கு டிக் போடுங்கள். டிக் விழாதவை இப்படி நின்றன:

- டீக்கடை, பேக்கரி, பிள்ளைகளுக்குத் தின்பண்டம்: சின்னச் சின்ன யுபிஐ எல்லாம் சேர்த்து 1,600
- கல்யாண மொய் 1,000
- நூல், லைனிங், கொக்கி 900
- டாக்டர், மருந்து 750
- தண்ணீர் கேன் 350

மொத்தம் 4,600. மீதி 500 எவ்வளவு தேடியும் பிடிபடவில்லை. அதை "தெரியாதது" என்று தனி வரியாக எழுதி விட்டுவிடுங்கள். சிலர் அதை மளிகையிலோ பெட்ரோலிலோ சேர்த்துக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்தப் பங்கு பொய்யாகிவிடும், அடுத்த மாதம் ஒப்பிடவும் முடியாது.

மொய்யைப் பற்றி அந்த அம்மா, "அது எப்பவாவது வர்றதுதானேக்கா" என்றார். ஆடியில் வரவில்லை, சரி. ஆவணி பிறந்ததும் வரிசையாக வரும், தையிலும் வைகாசியிலும் வரும். பெயர்தான் மாறுகிறது, செலவு நிற்பதில்லை.

மளிகைப் பாக்கி 1,100க்கான சாமான் ஏற்கெனவே சமையலில் போய்விட்டது. பணம் இன்னும் போகவில்லை என்பதால் அது ஸ்டேட்மென்டில் தெரியாது. அதையும் இந்த மாதச் செலவாகவே எழுத வேண்டும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். வரவில் கூடுதல் 4,000, எழுதாத செலவு 5,100, பாக்கிச் சாமான் 1,100. மொத்தம் 10,200. நான்காவது படியில் வந்த இடைவெளியும் அதேதான். இரண்டும் பொருந்தினால்தான் மேலே போக வேண்டும்.

பொருந்தாமல் போனால் முதலில் கைமாற்றைப் பாருங்கள். கைமாற்று 2,000ஐ ஒரு செலவு வரியாக எழுதி, அந்தப் பணத்தில் வாங்கிய மருந்தையும் எழுதிவிடுவார்கள். கைமாற்று என்பது பணம் வந்த வழி. அந்தப் பணத்தில் வாங்கியதுதான் செலவு. இரண்டில் ஒன்றுதான் செலவுப் பக்கம் வரலாம்.

## 7. சேமிப்பு விகிதத்தைப் போடுங்கள்

இப்போதுதான் விகிதம். கீழே வகுக்கும் எண்ணாக என்ன வைப்பது என்பதில் கவனம் வேண்டும். நூலும் லைனிங்கும் வீட்டுச் செலவல்ல, தொழில் செலவு. வந்த 35,000இல் அந்த 900ஐக் கழித்து 34,100ஐ வீட்டு வரவாக எடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் தையல் அதிகமான மாதத்தில் வரவு வீங்கித் தெரியும்.

மேலே வைப்பதற்கு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சீட்டு 2,000. சீட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் இது சேமிப்பு. ஏற்கெனவே ஏலத்தில் எடுத்துச் செலவழித்துவிட்டால், இனிக் கட்டுவது எல்லாம் கடன் அடைப்பு. புதிதாகச் செய்பவர்கள் மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இது. எடுத்த சீட்டையும் சேமிப்பில் எழுதி, விகிதம் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். இந்த அம்மா இன்னும் எடுக்கவில்லை. கழிவு போகக் கட்டிய தொகையைத்தான் எழுத வேண்டும், அட்டையில் முன்பக்கம் அச்சிட்ட தொகையை அல்ல.

குழுக் கடன் தவணை 2,200இல் அட்டைப்படி அசல் 1,600, வட்டி 600. அசல் குறைந்தால் வீட்டின் கடன் குறைகிறது, ஆகவே அதையும் சேமிப்புப் பக்கம் எடுக்கலாம். வட்டி செலவுதான். ஆனால் சீட்டையும் அசலையும் தனித்தனியாக எழுதிக் காட்டுங்கள். சீட்டுப் பணத்தை அவசரத்துக்கு எடுக்க வழி உண்டு, அடைத்த அசல் திரும்பிக் கைக்கு வராது.

பி.எஃப். 1,800ஐ வரவில் சேர்க்கவில்லை, அதனால் சேமிப்பிலும் சேர்க்கவில்லை. சேர்ப்பதென்றால் இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டும். வரவை வங்கியில் ஏறியபடி வைத்துக்கொண்டு மேலே மட்டும் பி.எஃப்.ஐக் கூட்டினால் விகிதம் பொய்யாக ஏறும்.

```
2,000 + 1,600 - 3,200 = 400
400 / 34,100 x 100    = 1.2 சதவீதம்
```

நோட்டுப்படி 7,000ஐ 39,000ஆல் வகுத்து 18 சதவீதம் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள்.

## 8. இந்த மாதம் வராத பில்களைப் பரப்புங்கள்

1.2 சதவீதமும் கடைசி விடையல்ல. ஆகஸ்டில் கரண்ட் பில் வரவில்லை. நம் ஊரில் அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. பில் வந்த மாதம் பற்றாக்குறை, வராத மாதம் மிச்சம் என்று மாறி மாறித் தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

போன பன்னிரண்டு மாதத்தை நினைத்துப் பார்த்து, மாதாமாதம் வராத செலவுகளை எழுதி மாதப் பங்காகப் பிரியுங்கள்:

- கரண்ட் பில் 1,300, இரண்டு மாதத்துக்கு: மாதம் 650
- பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை வருடத்துக்கு 18,000: மாதம் 1,500
- தீபாவளி 12,000: மாதம் 1,000
- வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் 3,600: மாதம் 300
- நகைக் கடன் வட்டி: மாதம் 300

தீபாவளிக்கு எம்.சி. ரோட்டில் எடுக்கும் துணி மட்டும் நினைவில் இருக்கும். பலகாரம், பட்டாசு, ஊருக்குப் போகும் பஸ் செலவு எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். தீபாவளிச் சீட்டு தனியாகக் கட்டுகிறீர்கள் என்றால், அதைச் செலவில் எழுதியிருக்கும்போது இங்கே மறுபடி எழுத வேண்டாம்.

நகைக் கடன் வட்டியை ஏன் இங்கே வைக்கிறேன் என்றால், இவர்கள் எடுத்தது வருடக் கடைசியில் வட்டியும் அசலும் சேர்த்துக் கட்டும் வகை. 30,000க்கு வருடம் 12 சதவீத வட்டி. மாதாமாதம் கையிலிருந்து எதுவும் போகாததால் இந்தக் கடன் இருப்பதே நோட்டில் தெரியவில்லை. ஆனால் மாதம் 300 சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறது.

மாதப் பங்கு மொத்தம் 3,750. இதையும் கழித்தால் 400 - 3,750 = -3,350. விகிதம் -9.8 சதவீதம். ஜூனில் நகை ஏன் அடகுக்குப் போகிறது என்பதற்கு விடை இந்த எண்ணில்தான் இருக்கிறது. பள்ளிக் கட்டணத்துக்காக எந்த மாதமும் எதுவும் ஒதுங்கவே இல்லை.

பில் வந்த மாதத்தைச் சரிபார்க்கிறீர்கள் என்றால், கட்டிய முழுத் தொகையை எடுத்துவிட்டு மாதப் பங்கை மட்டும் வையுங்கள். இரண்டையும் வைத்தால் செலவு இரட்டிப்பாகிவிடும்.

## 9. கடைசியாகச் செலவுப் பங்குகள்

சீட்டையும் அசலையும் தொழில் செலவு 900ஐயும் எடுத்துவிட்டு, எழுதாத மற்ற செலவு, பாக்கிச் சாமான், மாதப் பங்குகள் எல்லாம் சேர்த்தால் வீட்டுச் செலவு 37,450. இதை 34,100 வரவில் கழித்தால் அதே -3,350 வர வேண்டும், வருகிறது. வராவிட்டால் பங்கு போடாதீர்கள், ஏழாவது படிக்குத் திரும்புங்கள்.

வரவில் ஒவ்வொன்றின் பங்கு:

- உணவு 15,200: 44.6 சதவீதம்
- வாடகை 9,000: 26.4
- பிள்ளைகள் படிப்பு 4,000: 11.7
- கேஸ், தண்ணீர், கரண்ட், செல்போன், கேபிள் 2,800: 8.2
- வண்டி 2,300: 6.7
- மொய், தீபாவளி 2,000: 5.9
- வட்டி 900: 2.6
- மருத்துவம் 750: 2.2
- தெரியாதது 500: 1.5

கூட்டினால் 109.8 சதவீதம். நூறைத் தாண்டிய 9.8தான் மேலே வந்த பற்றாக்குறை.

உணவைக் கவனியுங்கள். நோட்டுப்படி 39,000இல் 12,500, அதாவது 32 சதவீதம். பாக்கியில் வாங்கிய மளிகையும் டீக்கடையும் சேர்ந்து, வரவும் சரியான எண்ணுக்கு இறங்கியதும் அது 44.6 ஆகிவிட்டது. சமையலில் எதுவும் மாறவில்லை, கணக்குதான் மாறியது.

இந்த 44.6ஐ வெளியே கேள்விப்படும் எண்ணோடு ஒப்பிடும் முன், அது எதில் எத்தனை பங்கு என்று கேளுங்கள். மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் நகர்ப்புற வீடுகளில் உணவின் பங்கு சுமார் 40 சதவீதம் என்று வந்தது. அது செலவில் பங்கு, வரவில் அல்ல. இந்த வீட்டு உணவைச் செலவால் வகுத்தால் 15,200 / 37,450, அதாவது 40.6 சதவீதம். ஆக இவர்கள் சாப்பாட்டில் ஊதாரித்தனம் செய்கிறார்கள் என்று சொல்ல இடமே இல்லை. வகுக்கும் எண்ணைக் கவனிக்காமல் 44.6ஐயும் 40ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சமைப்பவர் மேல்தான் பழி விழும்.

தேவைக்குப் பாதி, ஆசைக்கு முப்பது, சேமிப்புக்கு இருபது என்று பரவலாகச் சொல்லப்படும் பங்கீட்டை இந்த வரவுக்கு வைத்துப் பார்ப்பதில் பயனில்லை என்பது என் கருத்து. வாடகையும் உணவும் மட்டுமே 71 சதவீதம். அந்த அளவுகோலை வைத்தால் "எல்லாமே தப்பு" என்றுதான் சொல்லும், எந்த வரியில் கை வைக்கலாம் என்று சொல்லாது. உங்கள் வீட்டின் போன மாதப் பங்கோடு இந்த மாதப் பங்கை ஒப்பிடுங்கள், அது போதும்.

அப்படி ஒப்பிடும்போதும் பருவத்தைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் வரத்து குறைந்து விலை ஏறும். அந்த இரண்டு மாத உணவுப் பங்கை ஆகஸ்டோடு ஒப்பிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

## 10. மூன்று மாதம் செய்து பாருங்கள்

ஒரு மாத விடையைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டாம். இந்த ஆகஸ்டில் மொய்யும் காய்ச்சலும் வந்தன. தையல் பாக்கி 1,500 அடுத்த மாதம் வரலாம், அப்போது அந்த மாதம் நன்றாகத் தெரியும். மூன்று சம்பள எல்லைகளுக்குச் செய்து சராசரி எடுத்தால் இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இரண்டாவது மாதம் முதல் எல்லாவற்றையும் மறுபடி செய்யத் தேவையில்லை. மாதப் பங்குகளின் பட்டியல் அப்படியே இருக்கும். 3, 4 படிகளைச் செய்து, நோட்டின் மிச்சத்தோடு ஒப்பிடுங்கள். இடைவெளி 500, 600க்குள் இருந்தால் 5, 6 படிகளை விட்டுவிட்டு நேராக ஏழுக்குப் போகலாம். அதற்கு மேல் போனால், முதலில் வரவு, அப்புறம் செலவு என்ற அதே வரிசையில் தேடுங்கள்.

இந்த வீட்டில் இப்போது நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு வரி மட்டும் தனியாக எழுதுகிறார்கள். சம்பளம் ஏறும் முன் காலையில் எண்ணிய கையிருப்பு, அன்று நிற்கும் மொத்தப் பாக்கி. ரொக்கம் எண்ணுவது கணவர் வேலை, கடை நோட்டைப் பார்ப்பது அந்த அம்மாவின் வேலை.